ஒருவருக்கு ஒரு பக்கம்

மகளிர் சுய உதவிக் குழுவின் மாதக் கூட்டத்தில் வெளியாள் ஒருவருக்குப் பேசக் கிடைப்பது மிஞ்சிப்போனால் பத்து நிமிடம். சேமிப்பு வசூல், கடன் கேட்பவர்களின் பட்டியல், யாருக்கு முதலில் கொடுப்பது என்ற வாக்குவாதம், நடுவே பள்ளிக்கூடம் விட்டு அம்மாவைத் தேடி வரும் பிள்ளைகள். இத்தனைக்கும் இடையில், குழு வைத்திருக்க வேண்டிய கணக்குப் புத்தகங்கள் அனைத்தையும் விளக்கிவிடத் துணிபவர்கள் உண்டு. ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, வரவு செலவு அறிக்கை என்று அவர்கள் அடுக்கத் தொடங்கியதுமே பாதிப் பேரின் பார்வை ஊக்குநர் பக்கம் திரும்பிவிடும். 'இதெல்லாம் அவங்க வேலை' என்று அதற்குப் பொருள். எனவே அந்தப் பத்து நிமிடமும் ஒரே ஒரு பக்கத்தைப் பற்றிப் பேசினால் போதும் என்பது என் கட்சி. கடன் பேரேட்டில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் உரிய அந்த ஒரு பக்கம்.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி, நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் முன்னோடித் திட்டத்தைக் கொண்டுவந்தது. வீட்டுப் பத்திரமோ நகையோ பிணையாக இல்லாத பெண்களுக்கு ஒரு வங்கி எதை நம்பிக் கடன் கொடுக்கும்? தொடர்ந்து கூடுகிறார்களா, சேமிக்கிறார்களா, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்குகிறார்களா, வாங்கிய கடன் திரும்பி வருகிறதா, இவை எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துத்தான். பயிற்சிகளில் பஞ்ச சூத்திரம் என்று சொல்லித் தருவது இந்த ஐந்தைத்தான். முதல் நான்கும் நடந்ததா இல்லையா என்பதற்கு ஐந்தாவதைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

ஆனால் வங்கிக்காரர் பார்க்க வருகிறார் என்பதற்காக எழுதப்படும் கணக்கைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஓர் உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து, "அக்கா, எனக்கு இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் பதில் சொல்ல உதவும் கணக்குதான் பேச்சு. "இருங்க, வீட்டுல போய்ப் பாத்துட்டு சொல்றேன்" என்று பதில் வந்தால் அந்தக் குழுவில் கடன் கணக்கு இல்லை என்றுதான் அர்த்தம், அலமாரியில் எத்தனை நோட்டு அடுக்கியிருந்தாலும்.

ஒரு கோடு போட்ட நீள நோட்டு போதும். தடித்த அட்டை இருந்தால் நல்லது. குழுவில் பன்னிரண்டு பேர் என்றால் ஆளுக்கு நான்கைந்து பக்கம் ஒதுக்கி, பக்கங்களுக்கு எண் போட்டுவிட வேண்டும். எண் போட்ட நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். பக்கத்தின் தலையில் உறுப்பினரின் பெயர், குழுவில் அவருடைய வரிசை எண், கடன் கொடுத்த தேதி, தொகை எண்ணிலும் எழுத்திலும், எதற்காகக் கடன், எத்தனை மாதத் தவணை, என்ன வட்டி. இவை அனைத்தும் அன்றைய கூட்டத்தின் தீர்மான நோட்டிலும் இருக்கும். அந்தத் தீர்மானத்தின் எண்ணை இங்கே குறித்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஆதாரமாகிவிடும். தொகையை எழுத்தில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1,000 என்பதில் ஒரு பூஜ்யம் சேர்க்க ஒரு நொடி போதும். 'ஆயிரம் ரூபாய் மட்டும்' என்பதைப் 'பத்தாயிரம்' ஆக்குவது அத்தனை எளிதல்ல.

இனி ஒரு கடனை மாதம் மாதமாக எழுதிப் பார்ப்போம். கடன் வாங்கியவர் ஏழாம் எண் உறுப்பினர் என்று வைத்துக்கொள்வோம். ஆடு வாங்க ஜனவரி 5-ஆம் தேதி 10,000 ரூபாய் உட்கடன். மாதம் 1,000 வீதம் பத்துத் தவணை. வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய். சில குழுக்களில் ஒன்றரை, இரண்டு என்றும் வாங்குகிறார்கள். இங்கே கணக்குப் போட எளிதாக ஒன்று என்று கொள்வோம்.

பிப்ரவரிக் கூட்டத்தில் அவர் 1,100 கொண்டுவருகிறார். வட்டி 100, அசல் 1,000. நிலுவை 9,000. மார்ச்சில் வட்டி 9,000-க்குத்தான்; எனவே 90. அவர் கட்டுவது 1,090, நிலுவை 8,000. இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை.

ஏப்ரலில் அவரால் 500 ரூபாய்தான் கொண்டுவர முடிகிறது. பெரும்பாலான நோட்டுகளில் கணக்கு தடம் மாறுவது இந்த இடத்தில்தான். எழுதுபவர் அவசரத்தில் 500 ரூபாயையும் அசலில் கழித்து நிலுவை 7,500 என்று போட்டுவிடுவார். அந்த மாத வட்டி 80 எங்கே போனது? யாரும் தின்னவில்லை, எழுதப்படவில்லை, அவ்வளவுதான். முறைப்படி, வரும் பணத்தில் முதலில் வட்டியைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் அசலில் வைக்க வேண்டும். 500-இல் வட்டி 80 போக 420 அசல். நிலுவை 7,580. பார்க்க அழகில்லாத எண்தான். சரியான கணக்கில் இப்படி அழகில்லாத எண்கள் நிறைய வரும்.

மே மாதம் அவர் கூட்டத்துக்கே வரவில்லை. பணமும் வரவில்லை. பணம் வராத மாதத்தில் எழுத ஒன்றுமில்லை என்று அந்த வரியை விட்டுவிடுவது இரண்டாவது பெரிய தவறு. பணம் வராததும் பதிவு செய்ய வேண்டிய செய்திதான். தேதி போட்டு, அசல் கட்டவில்லை, வட்டி கட்டவில்லை என்று கோடிட்டு, வட்டி பாக்கி என்ற கட்டத்தில் 76 என்று எழுத வேண்டும். கணக்குப்படி 75 ரூபாய் 80 காசு. ஐம்பது காசும் அதற்கு மேலும் வந்தால் முழு ரூபாய், அதற்குக் கீழ் வந்தால் விட்டுவிடலாம் என்று குழு ஒரு முறை தீர்மானம் போட்டுக்கொண்டால் காசுச் சண்டை இல்லை. நிலுவை அதே 7,580.

ஜூனில் ஆட்டுக்குட்டி விற்ற பணத்தோடு வருகிறார். மே மாத வட்டி பாக்கி 76, ஜூன் மாத வட்டி 76, இரண்டும் சேர்த்து 152. அதோடு அசல் 2,000. ஆக 2,152 கட்டுகிறார். நிலுவை 5,580. அவருடைய பக்கம் இப்போது இப்படி இருக்கும்:

| தேதி | கொடுத்த கடன் | கட்டிய வட்டி | கட்டிய அசல் | வட்டி பாக்கி | அசல் நிலுவை |
|---|---|---|---|---|---|
| ஜனவரி 5 | 10,000 | – | – | – | 10,000 |
| பிப்ரவரி 5 | – | 100 | 1,000 | – | 9,000 |
| மார்ச் 5 | – | 90 | 1,000 | – | 8,000 |
| ஏப்ரல் 5 | – | 80 | 420 | – | 7,580 |
| மே 5 | – | – | – | 76 | 7,580 |
| ஜூன் 5 | – | 152 | 2,000 | – | 5,580 |

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அவருடைய கையெழுத்துக்கு ஒரு கட்டம் விட வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால், நிலுவையைச் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு. வராத மாதத்தில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். வராதவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடும் பழக்கம் அன்பினால் வருவதுதான், ஆனாலும் கூடாது.

வட்டி பாக்கிக்குத் தனிக் கட்டம் வைத்திருப்பதைக் கவனியுங்கள். மே மாத 76 ரூபாயை அசல் நிலுவையோடு கூட்டி 7,656 என்று எழுதியிருந்தால், ஜூனில் அந்த 76-க்கும் வட்டி ஏறியிருக்கும். வட்டிக்கு வட்டி. கந்துவட்டிக்குப் பயந்து குழுவில் சேர்ந்த பெண்ணுக்கு, குழுவின் நோட்டே அதைச் செய்வதா? தாமதத்துக்கு அபராதம் உண்டு என்று குழு முடிவெடுத்தால் அதைத் தீர்மானத்தில் எழுதி, அபராதம் என்றே தனியாக வாங்கட்டும். நிலுவைக்குள் கரைத்துவிடக் கூடாது.

கடைசிக் கட்டமான அசல் நிலுவையை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுத வேண்டும் என்பதற்குப் பணக் காரணமும் ஒன்று உண்டு. சில குழுக்களில் கட்டிய தொகையை மட்டும் தேதிவாரியாக எழுதிக்கொண்டே போவார்கள்; நிலுவையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நிலுவை தெரியாவிட்டால் வட்டியை எதன் மேல் போடுவது? தொடக்கத் தொகையின் மேல்தான். பத்தாயிரத்துக்கு மாதம் நூறு ரூபாய், கடைசி மாதம் வரை அதே நூறு. பத்து மாதத்தில் 1,000 ரூபாய் வட்டி. நிலுவை குறையக் குறைய வட்டி போட்டிருந்தால் 100, 90, 80 என்று இறங்கி, கடைசி மாதம் வெறும் 10 ரூபாய். ஒழுங்காகக் கட்டுபவருக்கு எல்லாம் சேர்த்து 550 மட்டுமே. ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதற்கு அந்தப் பெண் கொடுக்கும் விலை 450 ரூபாய். யாரும் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார்கள். கணக்குப் போடச் சோம்பல், அவ்வளவே. குழு வேண்டுமென்றே தொடக்கத் தொகைக்கு வட்டி என்று தீர்மானித்திருந்தால் அது வேறு விஷயம். அப்போதும் அதை எல்லோருக்கும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

எழுதும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேனாவால் எழுத வேண்டும், பென்சில் கூடாது. தவறு வந்தால் வெள்ளை மை பூசாமல், எண்ணின் மேலேயே இன்னொரு எண்ணை அழுத்தி எழுதாமல், ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். பழைய எண் படிக்கக்கூடியதாகவே இருக்கட்டும். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லாமல், ஒரே பேனாவில், ஒரே சாய்வில் ஆறு மாதக் கணக்கும் எழுதியிருக்கும் நோட்டைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அது கூட்டத்தில் எழுதிய நோட்டாக இருக்காது. தணிக்கைக்கு முந்தின இரவு ஒரே உட்காரலில் துண்டுச் சீட்டுகளைப் பார்த்து எழுதியதாக இருக்கும். துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வீட்டில் போய் ஏற்றுவது என்ற பழக்கம்தான் பல குழப்பங்களுக்குத் தாய். சீட்டு தொலையும், மழையில் நனையும், யார் கொடுத்த ஐந்நூறு என்பது மறந்துபோகும்.

எழுதியாயிற்று. எழுதியது சரியா என்று எப்படித் தெரியும்? இதற்குப் படிப்பு வேண்டாம். கூட்டல் கழித்தல் போதும். அதே ஏப்ரல் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். முந்தின மாத முடிவில் குழுவில் கடன் வாங்கிய எல்லோருடைய நிலுவையும் சேர்த்து 64,000 ரூபாய். ஏப்ரலில் ஒருவருக்குப் புதிதாக 12,000 கடன் கொடுத்தார்கள். அசலாக வசூலானது, ஒன்பது பேரிடம் ஆயிரம் ஆயிரமாக 9,000, நம் ஏழாம் எண்ணிடம் 420, ஆக 9,420. எனவே மாத முடிவில் வெளியே இருக்க வேண்டிய கடன், 64,000 கூட்டல் 12,000 கழித்தல் 9,420. விடை 66,580. இப்போது பேரேட்டைப் புரட்டி, ஒவ்வொருவர் பக்கத்திலும் கடைசி வரியில் உள்ள நிலுவையைக் கூட்டுங்கள். அதுவும் 66,580 வர வேண்டும்.

வரவில்லை; 67,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 420. அந்த எண்ணைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழும், சினிமா பார்த்தவர்கள்தானே எல்லோரும். ஆனால் இது மோசடியா என்பதைப் பணப்பெட்டிதான் சொல்ல வேண்டும். அன்று காலை கையிருப்பு 1,200. சேமிப்பு வரவு பன்னிரண்டு பேர் இருநூறு வீதம் 2,400. அசல் 9,420. வட்டி 640. மொத்தம் 13,660. கடன் கொடுத்தது 12,000 போக, பெட்டியில் 1,660 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் சரியாக 1,660 இருக்கிறது. அப்படியென்றால் பணம் எங்கும் போகவில்லை. ஏழாம் எண் கொடுத்த பணம் ரொக்கப் புத்தகத்தில் வரவாகிவிட்டது. அவருடைய பக்கத்தில் ஏற்றத்தான் மறந்துவிட்டார்கள். நிலுவை இன்னும் 8,000 என்றே நிற்கிறது. பக்கத்தைத் திருப்பி ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

மறுபுறம், பேரேட்டின் கூட்டுத்தொகை சரியாக வந்து பெட்டியில் பணம் குறைந்தால், எழுத்தில் பிழை இல்லை, பணத்தில்தான் இருக்கிறது. ஆள் கலைவதற்குள் அங்கேயே பேச வேண்டும். இந்த இரண்டு சோதனைகளையும் தனித்தனியே செய்வதன் பயன் இதுதான். எழுத்துப் பிழைக்காக ஊக்குநர் மேல் பழி விழாது. உண்மையான பணக்குறைவு எழுத்துப் பிழை என்ற பெயரில் ஒளிந்துகொள்ளவும் முடியாது.

வித்தியாசத் தொகையே சில சமயம் துப்புக் கொடுக்கும். பழைய கணக்குப்பிள்ளைகள் அறிந்த ஒரு வழி உண்டு: வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். 5,580 என்பதை 5,850 என்று எழுதினால் வித்தியாசம் 270. ஒன்பது முப்பது 270. அதே போல, கழிக்க வேண்டிய தொகையைக் கூட்டிவிட்டால் வித்தியாசம் அந்தத் தொகையைப் போல இரு மடங்காக வரும். வித்தியாசம் 1,000 என்றால், அன்று 500 ரூபாய் அசல் கட்டியவர் யார் என்று முதலில் தேடலாம்.

எல்லாம் சரியாகக் கூடி வந்தால் மட்டும் நிம்மதியாக இருந்துவிட முடியுமா? முடியாது. ஏழாம் எண் கட்டிய 420 ரூபாயை எட்டாம் எண்ணின் பக்கத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். பெட்டியில் பணம் சரி. நிலுவைகளின் மொத்தமும் சரி. எந்தக் கூட்டலாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் உலகத்தில் இருவர்தான், ஒருவர் ஏழாம் எண், மற்றவர் எட்டாம் எண். எட்டாம் எண்ணுக்கு வாய் திறக்க அவசரம் எதுவும் இருக்காது.

அதனால்தான் உறுப்பினர் கையில் தனி பாஸ்புக். பால் சொசைட்டியில் ஊற்றிய பாலின் அளவைச் சங்கத்துப் பதிவேட்டிலும் நம் அட்டையிலும் எழுதி வாங்குகிறோமே, அதே ஏற்பாடு. பேரேட்டில் ஒரு வரி எழுதியதும், அதே வரியை உறுப்பினரின் பாஸ்புக்கிலும் அங்கேயே எழுத வேண்டும். ஊரில் பாதிக் குழுக்களில் இந்த பாஸ்புக்குகள் எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு ஊக்குநர் வீட்டுப் பரணிலேயே இருக்கும். கேட்டால், "அவங்க கிட்ட குடுத்தா தொலைச்சிடுவாங்க" என்பார்கள். ரேஷன் கார்டைத் தொலைக்காத பெண்கள் இதை மட்டும் எப்படித் தொலைப்பார்கள் என்று எனக்குப் புரிந்ததில்லை. ஒரே ஆளிடம் இரண்டு நோட்டும் இருந்தால், இரண்டாவது நோட்டு இருப்பதில் பொருளே இல்லை.

பாஸ்புக்கைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நிலுவையைச் சத்தமாகச் சொல்வதுதான் வழி. கூட்டம் முடியும் முன், எழுதுபவர் பேரேட்டைப் புரட்டி ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். "ஏழாம் நம்பர், இன்னிக்கு வட்டி நூத்தி அம்பத்திரண்டு, அசல் ரெண்டாயிரம், இனிமே நிலுவை அஞ்சாயிரத்து ஐந்நூத்தி எண்பது. சரியாக்கா?" "சரிம்மா." பன்னிரண்டு பேருக்கு ஐந்து நிமிடம். எல்லோர் காதிலும் விழுந்த எண்ணை அடுத்த மாதம் மாற்றிச் சொல்வது கடினம். தன் கடன் மற்றவர்களுக்குத் தெரிவதில் கூச்சம் உள்ளவர்களும் இருப்பார்கள். ஆனால் அந்தக் கடனைக் கொடுக்கத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டதே அந்தப் பன்னிரண்டு பேர்தான். கொடுத்தது அவர்களுடைய சேமிப்பிலிருந்து.

ஒரு வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழாம் எண்ணுக்கு ஜூலையில் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் வேண்டும். பழைய கடனில் இன்னும் 5,580 நிலுவை, அதற்கு ஜூலை வட்டி 56. குழு புதிதாகப் 10,000 கொடுத்து, அதில் பழைய 5,636-ஐப் பிடித்துக்கொண்டு, மிச்சம் 4,364-ஐக் கையில் கொடுக்கிறது. குழு விரும்பினால் இப்படிச் செய்யலாம், தவறில்லை. ஆனால் நோட்டில் எப்படி எழுதுவது? கைமாறியது 4,364 மட்டும் என்பதால் பலரும் 'கடன் 4,364' என்று பழைய பக்கத்திலேயே ஒரு வரி போட்டு, நிலுவை 9,944 என்று எழுதிவிடுவார்கள். தீர்மானத்தில் 10,000. பக்கத்தில் 9,944. நடுவில் காணாமல் போன 56 ரூபாய், அந்த மாத வட்டி.

சரியாக எழுத வேண்டுமென்றால் இரண்டு காரியங்களாகப் பிரிக்க வேண்டும். பழைய கடனில் வட்டி 56, அசல் 5,580 கட்டப்பட்டது, நிலுவை பூஜ்யம், கடன் முடிந்தது என்று எழுதிக் குறுக்கே கோடு போட்டு இருவர் கையெழுத்து. பிறகு புதிய தலைப்பில் புதுக் கடன் 10,000. ரொக்கப் புத்தகத்திலும் 10,000 பற்று, 5,636 வரவு என்று இரண்டு பக்கமும் வர வேண்டும். பழைய கடன் உண்மையில் கட்டித் தீர்க்கப்படவில்லை, புதுக் கடனால்தான் மூடப்பட்டது என்பதையும் ஓரத்தில் ஒரு வார்த்தை குறித்துவைப்பது நல்லது. ஏனென்றால், கட்ட முடியாமல் திணறும் ஒருவரின் கடனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படிப் புதுப்பித்துக்கொண்டே போனால், பேரேட்டில் அவர் ஒழுங்காகக் கட்டுபவராகத் தெரிவார். பழைய கடன் முடிந்த தேதியும் புதுக் கடன் தொடங்கிய தேதியும் ஒருவருடைய பக்கத்தில் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்தால், அவரிடம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வங்கிக் கடனுக்கு வேறு நோட்டு, அல்லது குறைந்தபட்சம் வேறு பகுதி. வங்கிக் கடன் குழுவின் பெயரில் வந்தாலும் உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம். மூன்று லட்சம் வாங்கிப் பத்துப் பேருக்கு முப்பதாயிரம் என்பது போல. அந்தத் தவணையையும் உட்கடன் தவணையையும் ஒரே பக்கத்தில் எழுதினால், இரண்டின் வட்டியும் வேறு, போய்ச் சேரும் இடமும் வேறு என்பதால் எதுவும் பிடிபடாது. இங்கே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. உறுப்பினர் குழுவில் கட்டியது ஒரு நாள்; குழுவிலிருந்து வங்கியில் கட்டுவது இன்னொரு நாள், பெரும்பாலும் யாராவது ஒருவர் கையில் எடுத்துப்போய். வங்கியில் கட்டிய செல்லானைப் பேரேட்டில் ஒட்டிவைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கடன் கணக்கின் பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கி, அதில் உள்ள நிலுவையையும் உறுப்பினர்களுடைய வங்கிக் கடன் நிலுவைகளின் மொத்தத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வங்கி வட்டி போடும் தேதி வேறு என்பதால் சில நூறு ரூபாய் வித்தியாசம் இருக்கலாம். உறுப்பினர்கள் கட்டிய ஒரு முழுத் தவணையே வங்கிப் புத்தகத்தில் இல்லை என்றால் அன்றே கேட்டுவிட வேண்டும்.

இப்போதெல்லாம் செல்போனிலேயே கணக்கு ஏற்றுகிறார்களே, நோட்டு எதற்கு என்று இளம்பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நபார்டு வங்கி 2015-இல் ஈ-சக்தி என்ற பெயரில் குழுக் கணக்குகளைக் கணினியில் ஏற்றும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு வேறு செயலிகளும் வந்துவிட்டன. கூட்டலை அவை பிழையில்லாமல் செய்யும். ஆனால் ஏப்ரல் மாத 420 ரூபாயை எட்டாம் எண்ணின் பெயரில் ஏற்றினால் செயலியும் அதைச் சரி என்றே வாங்கிக்கொள்ளும். செல்போனில் ஏற்றுபவர் எதைப் பார்த்து ஏற்றுகிறார்? இந்த நோட்டைப் பார்த்துத்தான்.

சரி, ஏற்கெனவே குழம்பிக் கிடக்கும் கணக்கை என்ன செய்வது? இரண்டு வருடக் கணக்கைப் பின்னோக்கித் தோண்டி ஒவ்வொரு வரியாகச் சரிசெய்யக் கிளம்பினால், மூன்றாவது கூட்டத்தில் சண்டை வரும், நான்காவது கூட்டத்துக்கு ஆள் வராது. ஒரு தேதியைக் குறித்து, அன்றிலிருந்து புது நோட்டு என்று முடிவெடுப்பது மேல். குறித்த கூட்டத்தில் பழைய நோட்டைத் திறப்பதற்கு முன்னால், ஒவ்வொருவரிடமும் தன் கணக்குப்படி எவ்வளவு பாக்கி என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு பழைய நோட்டு என்ன சொல்கிறது என்று அதன் அருகில் எழுத வேண்டும். நோட்டை முதலில் படித்துவிட்டால், படிக்காத பெண்கள் அதில் இருப்பதையே சரியென்று தலையாட்டிவிடுவார்கள். அவர்கள் நினைவில் இருந்த எண் வெளியே வராமலே போய்விடும்.

பன்னிரண்டு பேரில் எட்டு ஒன்பது பேருக்கு இரண்டு எண்ணும் ஒத்துப்போகும், அல்லது ஐம்பது நூறு வித்தியாசத்தில் நிற்கும். அவற்றை அங்கேயே பேசி முடித்து, 'இந்தத் தேதியில் இவருடைய தொடக்க நிலுவை இவ்வளவு' என்று பெயர்வாரியாகத் தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடலாம். பெரிய வித்தியாசம் உள்ள இரண்டு மூன்று பேருக்கு மட்டும் பழைய தீர்மான நோட்டு, வங்கிச் செல்லான், பாஸ்புக் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்ய உறுப்பினர்களில் இருவரை நியமித்து, அடுத்த கூட்டம் வரை நேரம் கொடுக்கலாம். அந்த இருவரில் ஒருவராகவும் பழைய நோட்டை எழுதியவர் இருக்கக் கூடாது. ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லலாம், பாதி விஷயம் அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். மற்றவர்களுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அன்றைக்கே அவரவர் பக்கத்தில் தேதி போட்டு, தொடக்க நிலுவை என்று முதல் வரியை எழுதிவிட்டு, அந்த மாத வட்டியை அதன் மேலேயே கணக்கிட்டு வசூலைத் தொடங்கிவிடலாம்.